வட்டத்தின் நிழலும் அலையின் துகளும்

வட்டமான அட்டை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு களிமண் உருண்டையை ஒட்டுங்கள். அட்டையைச் சீராகச் சுற்றி, அதன் விளிம்புக்கு நேராக டார்ச் அடித்தால், எதிர்ச்சுவரில் உருண்டையின் நிழல் மேலும் கீழுமாகப் போய்வரும். நடுவில் வேகமாக ஓடும். உச்சியில் தயங்கித் திரும்பும். உருண்டையின் வேகம் மாறவே இல்லை. உச்சியில் அது கிடையாக நகர்வதால் நிழல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, அவ்வளவுதான். இந்த நிழலாட்டம்தான் தனிச்சீரிசை இயக்கம். (டார்ச் கிட்ட இருந்தால் நிழலின் அசைவு கோணலாகும், நல்லா தள்ளி வைங்க.)

இனி, கயிற்றில் வலப்பக்கம் ஓடும் அலை. அதன் ஒவ்வொரு துகளுக்கும் இப்படி ஒரு வட்டம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வேகம். வலப்பக்கம் போகப்போகச் சுற்று பிந்தும். அலைநீளம் 80 செ.மீ. என்றால், 20 செ.மீ. தள்ளியுள்ள துகள் கால் சுற்று பின்தங்கியிருக்கும்.

இப்போ வகுப்பில் கேளுங்க: முதல் துகள் முகட்டில் இருக்கும்போது, 20 செ.மீ. வலப்பக்கத்தில் உள்ள துகள் எந்தப் பக்கம் போகிறது? வளைகோடு சரிவதைப் பார்த்து, “கீழே, டீச்சர்” என்பார்கள். அது அலையின் வடிவம், துகளின் பாதை இல்லை. இன்னும் கால் சுற்றில் முகட்டைத் தொடப்போவது அந்தத் துகள்தான். ஆகவே இப்போது அது நடுக்கோட்டைக் கடந்து, முழு வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது.