அடி சிறிதானால் வீதம் பெரிதாகும்

2022 பெப்ரவரியில் ஒரு நாள், காலியில் சிறிய கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் என் மாமா கைபேசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகநூலில் வந்த ஒரு செய்தி அட்டையை எனக்குக் காட்டினார். இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் தொகை, முந்திய ஆண்டின் ஜனவரியோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 4,800 சதவீதத்தால் அதிகரித்துள்ளதாம். வங்கிக் கடன் எடுத்து இன்னும் இரண்டு அறைகள் கட்டலாமா என்ற யோசனையில் அவர் இருந்தார்.

கணக்கில் நான் கெட்டிக்காரி என்ற எண்ணம் எனக்கு. கணித்துப் பார்த்தேன், சரியாகவே வந்தது. "உண்மைதான் மாமா, கடனை எடுங்க" என்றேன்.

மாமா உடனே ஒன்றும் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "எங்கட கெஸ்ட்டுக்குப் போன வருஷம் ஜனவரியில ஒருத்தரும் வரல்ல. இந்த ஜனவரியில பதினொரு பேர் வந்தாங்க. அது எத்தனை வீதம் மகள்?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. இப்போது உயர்தர வணிகப் பிரிவில் படிக்கும்போதுதான், அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று விளங்குகிறது.

சதவீத மாற்றத்தைக் காணும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. புதிய பெறுமானத்திலிருந்து பழையதைக் கழித்து, வரும் வித்தியாசத்தைப் பழையதால் வகுத்து, நூறால் பெருக்குகிறோம். வகுக்கும் அந்தப் பழைய எண்தான் அடி. மாமாவின் அடி பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது, ஆகவே அங்கே சதவீதம் என்ற ஒன்றே இல்லை. "ஒருவரும் வரவில்லை, இப்போது பதினொருவர் வந்தனர்" என்று மட்டுமே சொல்லலாம். அடி பூச்சியமாக இல்லாமல் மிகச் சிறியதாக இருந்தால் கணக்கு வந்துவிடும். ஆனால் வரும் விடையை நம்பலாமா என்பது வேறு கேள்வி.

நாட்டின் கணக்கைப் பார்ப்போம். 2020 ஜனவரியில் இலங்கைக்கு 228,434 பயணிகள் வந்தனர். கொவிட் காரணமாக அவ்வாண்டு மார்ச்சில் விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரி 21ஆந் திகதிதான் அவை பயணிகளுக்குப் பொதுவாக மீளத் திறக்கப்பட்டன. அதனால் அந்த மாதம் முழுவதும் வந்தவர்கள் 1,682 பேர் மட்டுமே. 2022 ஜனவரியில் 82,327 பேர் வந்தனர். வித்தியாசம் 80,645. அதை 1,682ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 4,794.6 சதவீதம். செய்தி அட்டை பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே 82,327ஐ 2020 ஜனவரியோடு ஒப்பிட்டால், அது அப்போதிருந்த தொகையில் 36 சதவீதம் மட்டுமே. நூறு பேர் தங்கிய இடத்தில் முப்பத்தாறு பேர் தங்குகின்றனர் என்று பொருள். முதலில் 99.3 சதவீத வீழ்ச்சி, பின்னர் 4,794.6 சதவீத உயர்ச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இழந்ததைப் போல் பல மடங்கு திரும்பி வந்ததாகத் தோன்றும். உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் வரவில்லை. வீழ்ச்சியின் அடி 228,434, உயர்ச்சியின் அடி 1,682. அடிகள் வேறானபடியால் அந்த இரண்டு வீதங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. 1,682இலிருந்து பழைய நிலைக்குத் திரும்ப 13,481 சதவீத வளர்ச்சி வேண்டும்.

சிறிய அடியில் இன்னொரு குறையும் உண்டு. 2021 ஜனவரியில் கூடுதலாக நூறு பேர் வந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விமானத்துக்குக்கூடப் போதாத தொகை அது. அப்போது அடி 1,782 ஆகும், வளர்ச்சி 4,520 சதவீதமாகக் குறையும். அதே நூறு பேர் 2022 ஜனவரியில் கூடுதலாக வந்திருந்தால், வளர்ச்சி 4,794.6இலிருந்து 4,800.5ஆக மட்டுமே மாறும். முதல் இடத்தில் ஏறத்தாழ 275 புள்ளிகளை அசைத்த நூறு பேர், இரண்டாம் இடத்தில் ஆறு புள்ளிகளைத்தான் அசைத்தனர். ஆக, அந்தப் பெரிய வீதம் 2022ஐப் பற்றிச் சொல்வதைவிட 2021 எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பதையே அதிகம் சொல்கிறது.

மாமா கடன் எடுக்கவில்லை. ஒழுகிய ஓர் அறையின் கூரையை மட்டும் திருத்தினார். பின்னர் வந்த மாதங்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருள் வரிசைகள், மின்வெட்டு, எரிவாயுத் தட்டுப்பாடு. 2022 ஏப்ரலில் 62,980 ஆக இருந்த பயணிகள் தொகை, மே மாதத்தில் 30,207 ஆகியது. ஒரே மாதத்தில் 52 சதவீத வீழ்ச்சி. மே மாதத்தில் பயணிகள் குறைவது வழமைதான். 2018இலும் ஏப்ரலிலிருந்து மே மாதத்துக்கு 28 சதவீதம் குறைந்தது. பருவ காலத்தின் இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே ஓர் ஆண்டின் மாதத்தை முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் 2021 மே மாதத்தில் வந்தவர்கள் 1,497 பேர். அந்த அடியில் 2022 மே மாதத்தின் ஆண்டு வளர்ச்சி 1,918 சதவீதம்! சுற்றுலாத் துறை சரிந்துகொண்டிருந்த மாதத்திலும் வீதம் வானத்தைத் தொட்டது.

"அப்படியானால் கொவிட்டுக்கு முந்திய 2019ஐ அடியாக எடுப்போம்" என்று சிலர் சொல்வார்கள். 2019 மே மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர். அதோடு ஒப்பிட்டால் 2022 மே மாதத்தில் 80 சதவீதம் மீண்டுவிட்டதாக விடை வரும். ஆனால் அந்த மே, உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு அடுத்த மாதம். அதுவும் ஒரு சிறுத்த அடியே. வழமையான 2018 மே மாதத்தில் 129,466 பேர் வந்தனர். அதோடு ஒப்பிட்டால் மீண்டது 23 சதவீதம் மட்டுமே. வந்தவர்கள் அதே 30,207 பேர்தான். அடியை மாற்ற மாற்ற, 1,918 சதவீத வளர்ச்சி என்றும், 80 சதவீத மீட்சி என்றும், 23 சதவீத மீட்சி என்றும் அது வேடம் மாறுகிறது.

இப்போது பெரிய வீதமொன்றைக் கண்டால் நான் அதை ஒரு தாளில் இரண்டு எண்களாக எழுதிக்கொள்கிறேன்: அன்று எத்தனை, இன்று எத்தனை. பிறகு 'அன்று' என்பது வழமையான ஒரு காலமா, அல்லது ஏதேனும் இடரில் சிறுத்துப்போன காலமா என்று பார்க்கிறேன். சிறுத்த காலமென்றால், வழமையான ஓர் ஆண்டைத் தேடி மூன்றாவது எண்ணாக எழுதுகிறேன். அந்த மூன்றாவது எண் கிடைக்கும்வரை சதவீதத்தை நான் வாசிப்பதில்லை.

அண்மையில் இந்தக் கணக்கை மாமாவிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வங்கி தவணையை வீதத்தில கேக்காது மகள், ரூபாயிலதான் கேக்கும். பதினொரு பேரிட காசில அதைக் கட்ட ஏலாது எண்டு மட்டும் எனக்கு அண்டைக்குத் தெரிஞ்சிச்சு."