ஒரு ஏக்கரில் 1.35 ஏக்கர் விளைச்சல்

ஆடிப்பட்டத்தில் மானாவாரிக் கடலை போடுகிறவர்கள் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை விடுவதுண்டு. இரண்டும் ஒன்றையொன்று நெருக்காதா? கொஞ்சம் நெருக்கும். ஆனால் துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் எழும். அது கிளை பரப்பும் நேரத்தில் 110 நாள் கடலை பறிப்புக்கு வந்துவிடும். பிறகு நிலம் முழுக்கத் துவரைக்குத்தான். ஆழமாக இறங்கிய வேர், மிச்ச ஈரத்தை எடுத்து 180 நாள் வரை தாங்கும்.

இதில் லாபம் எவ்வளவு? கடலையையும் துவரையையும் கிலோக்கணக்கில் கூட்டினால் அர்த்தமில்லை. அதற்காகத்தான் ‘நிலச் சமன் விகிதம்’. ஒவ்வொரு பயிருக்கும் ஊடுபயிர் விளைச்சலைத் தனிப்பயிர் விளைச்சலால் வகுத்து, இரண்டு விடைகளையும் கூட்ட வேண்டும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் கடலை தனியாக 600 கிலோ, கலந்து போட்டால் 480. துவரை தனியாக 400, கலந்தால் 220.

480/600 + 220/400 = 0.80 + 0.55 = 1.35

அதாவது இதே விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க 80 சென்ட் கடலை, 55 சென்ட் துவரை என 1 ஏக்கர் 35 சென்ட் வேண்டும். இதை ‘35 சதவீத நிலம் மிச்சம்’ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. மிச்சம் 0.35/1.35, அதாவது சுமார் 26 சதவீதம்தான். 480 கிலோ என்பது கலப்பு வயலின் முழு ஏக்கருக்குமான விளைச்சல். கடலை வரிசைகள் பிடித்த பரப்புக்கு மட்டும் என்று கணக்கிட்டால் விடை வீங்கிவிடும். தனிப்பயிர்ப் பாத்தியைச் சரியான இடைவெளியும் உரமும் இல்லாமல் சோனியாக வளர்த்தாலும் அப்படித்தான். 1.35-ஐப் பார்த்ததும் அந்தப் பாத்தியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இந்த விகிதத்துக்கு நாட்கணக்கு தெரியாது. தனிக்கடலை நிலம் 110 நாளில் காலியாகிவிடும். கலப்பு நிலம் 180 நாள் மாட்டிக்கொள்ளும். நாட்களையும் சேர்த்தால்:

(0.80 × 110 + 0.55 × 180) / 180 = 1.04

சாதகம் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது! கிணற்றுப் பாசனம் உள்ளவர் கடலைக்குப் பின் இன்னொரு பயிர் வைக்கலாம். அவர் பார்க்க வேண்டியது 1.04. மழை நின்றால் நிலம் சும்மா கிடக்கும் மானாவாரிக்காரருக்கு 1.35-தான் பொருந்தும்.

அடுத்த ஆண்டுக் கணக்கும் இதில் வராது. துவரையின் வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அதே வயலில் மறுபடி துவரை போட்டால் செடிகள் திட்டுத்திட்டாகக் காயும். தண்டைப் பிளந்தால் உள்ளே கருப்புக் கோடு ஓடும். அதனால் மறுபருவம் சோளத்துக்கு மாறுவார்கள். அந்தப் பூசணம் சோளத்தைத் தாக்காது. துவரை உதிர்த்த இலைச்சருகின் தழைச்சத்தும் சோளத்துக்குக் கிடைக்கும். அந்தப் பலனை அளக்க, துவரைக்குப் பின் வந்த சோளத்தையும் சோளத்துக்குப் பின் வந்த சோளத்தையும் பக்கத்துப் பக்கத்தில் அறுத்து எடை போட வேண்டும்.