முயலின் குடல் சொன்ன சாட்சி

பெர்லினிலிருந்து ராபர்ட் கோக் புறப்பட்டபோது அவருடைய பெட்டிகளில் நுண்ணோக்கிகளோடு 50 வெள்ளெலிகளும் இருந்தன. 1883 ஆகஸ்டில் எகிப்தில் இறங்கினார். அங்கே காலரா தணிந்ததும் அந்த டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். எலிகள் எதற்கு? ஒரு கிருமியின் மேல் குற்றத்தை நிரூபிக்க, நோயில்லாத ஓர் உயிருக்குள் அதைச் செலுத்தி நோயை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

கோக் விதிகள் என்று மாணவர்கள் இன்றும் படிப்பவை இவைதாம். அந்த நோய் கண்ட ஒவ்வொருவரிடமும் அந்தக் கிருமி இருக்க வேண்டும். நோயற்றவரிடம் இருக்கக் கூடாது. அதை உடலிலிருந்து எடுத்து, வேறு எதுவும் கலக்காமல் தனியாக வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்ததை ஓர் உயிருக்குச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அந்த உயிரிலிருந்தும் அதே கிருமியைத் திரும்ப எடுத்துக்காட்ட வேண்டும். 1882இல் காசநோய்க் கிருமியை அவர் உலகுக்கு அறிவித்தபோது சான்று முழுமையாக இருந்தது. கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார், அவற்றுக்குக் காசம் வந்தது.

கல்கத்தாவிலும் முதல் பாதி நன்றாகவே நடந்தது. காலராவில் இறந்தவர்களின் குடலில், காற்புள்ளிபோல் லேசாக வளைந்த ஒரு கிருமி தொடர்ந்து கண்ணில் பட்டது. 1884 ஜனவரியில் அதை ஜெலட்டினில் தனியாக வளர்த்துவிட்டார். நகரத்தின் புறத்தே ஒரு குளத்தைச் சுற்றிப் பலர் இறந்திருந்தார்கள். முதலில் இறந்தவரின் துணிகளை அந்தக் குளத்தில்தான் அலசியிருந்தார்கள். குளத்து நீரிலும் அதே கிருமி இருந்தது.

ஆனால் எலிகள் ஏமாற்றின. கிருமியைத் தின்னக் கொடுத்தார், ஊசியால் ஏற்றிப் பார்த்தார், காலரா வரவில்லை. மற்ற விலங்குகளும் அப்படியே. வங்காளத்தில் மனிதர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும்போதும் விலங்குகளுக்கு இந்த நோய் வருவதில்லையே என்று கோக் யோசித்தார். விலங்கில் காட்ட முடியாவிட்டாலும் மற்ற சான்றுகள் போதும் என்று அறிவித்தார். தம் விதியை அவரே தளர்த்திக்கொண்டார் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நல்ல விஞ்ஞானியின் அடையாளமாகவே தெரிகிறது.

எதிரிகள் விடவில்லை. காலராவுக்குக் கிருமி மட்டும் போதாது, மண்ணும் பருவமும் சேர வேண்டும் என்று நம்பியவர் மியூனிக்கின் மாக்ஸ் பெட்டன்கோஃபர். 1892 அக்டோபரில், 73 வயதில், வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடாதபடி சோடா உப்பைச் சேர்த்து, வளர்த்த கிருமியைக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கு வந்தது, அவ்வளவுதான். மலத்தில் கிருமி ஏராளமாக இருந்தது. அதே ஆண்டு ஹாம்பர்க் நகரில் காலரா 8,000 பேருக்கு மேல் கொன்றிருந்தது. அங்கே நோய்க்குறியே இல்லாதவர்களின் மலத்திலும் கிருமி இருப்பது தெரியவந்தது. நோயற்றவரிடம் இருக்கக் கூடாது என்ற விதி அத்தோடு உடைந்தது. கிருமி புகுந்த எல்லோரும் படுக்கையில் விழுவதில்லை. சிலர் நடமாடிக்கொண்டே அதைப் பரப்புகிறார்கள்.

விலங்குச் சிக்கல் அவிழ ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்தன. அவிழ்த்தவர் அதே கல்கத்தாவின் மருத்துவர் சம்பு நாத் டே. கிருமியை வாய்வழியே கொடுப்பதில் பயனில்லை என்று அவர் கண்டார். மயக்கம் கொடுத்த முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலை நூலால் கட்டித் துண்டுதுண்டாகத் தடுத்தார். ஒரு தடுப்புக்குள் காலராக் கிருமியை ஏற்றினார். இன்னொன்றை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தார். மறுநாள் பார்த்தால், கிருமி ஏற்றிய துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது. ஒப்பிட வைத்த துண்டு தட்டையாகவே கிடந்தது. காலராவில் அரிசி கழுவிய நீர்போலக் குடம்குடமாய்ப் போகும் பேதியை விலங்கின் குடலில் கண்ணால் பார்க்க முடிந்தது இப்படித்தான்.

1959இல் டே வெளியிட்ட சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் ஏற்றினார். அப்போதும் குடல் உப்பியது. குடலின் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே இழுப்பது அந்தக் கிருமி சுரக்கும் நஞ்சு என்பது உறுதியானது.

அந்த நஞ்சுக்கான மரபணு எங்கிருந்து வந்தது என்பது 1996இல் தெரிந்தது. கிருமியையே தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்துகொண்டு வந்து கிருமிக்குள் சேர்க்கிறது. முகத்துவாரங்களின் உவர்நீரில் வாழும் காலராக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் அந்த மரபணு இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலும் தட்டில் வளர்த்தாலும் இரண்டு வகையும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் இன்று ஒரு நீர்நிலையில் கிருமி அகப்பட்டால் ஆய்வகம் அதன் பெயரோடு நிற்பதில்லை. நஞ்சின் மரபணு அதற்குள் இருக்கிறதா என்று சோதித்த பிறகே, பேதிக்கு அது காரணமாகுமா என்று சொல்கிறது.