1.6 வினாடி: கையை விட்டுப் போன கிரனேடுக்கு என்ன ஆகிறது?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு இது: "கவுண்டர்-ஸ்ட்ரைக்ல கிரனேடை நல்லா மேல தூக்கி எறிஞ்சா வானத்துலயே வெடிக்குது, நேரா எறிஞ்சா எதிரி ஓடிடுறான். அப்போ எப்படித்தான் எறியறது?" ரொம்ப நல்ல கேள்வி. இதுக்கான பதில் முழுக்க ஒரே ஒரு எண்ணுக்குள்ள இருக்கு. இன்னைக்கு அந்த எண்ணை மட்டும் பிரிச்சுப் பார்க்கலாம். உதாரணம் எல்லாமே கவுண்டர்-ஸ்ட்ரைக்தான். நான் சொல்ற கணக்கு சி.எஸ்.கோ காலத்துல இருந்து பிளேயர்கள் பயன்படுத்துற எண்களை வெச்சுப் போட்டது. அதனால தோராயம்னு எடுத்துக்குங்க.

மூணு விதமான 'எப்போ?'

எறியற ஆயுதம் எதுவா இருந்தாலும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, இது எதை வெச்சு வெடிக்குது என்பதுதான். ஹெச்.இ கிரனேடும் ஃப்ளாஷும் நேரத்தை வெச்சு வெடிக்கும். கையை விட்ட நொடியில கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், சுமார் 1.6 வினாடியில வெடிக்கும். அப்போ அது காத்துல இருக்கா, தரையில இருக்கான்னு பார்க்காது. மாலடோவ் வேற மாதிரி, தரையைத் தொட்டா உடையும். ரெண்டு வினாடிபோல எதையும் தொடாம பறந்தா காத்துலயே வெடிச்சுடும், கீழே தீ விழாது. ஸ்மோக் உருண்டு ஓய்ஞ்சு நின்ன பிறகுதான் விரியும்.

அதனாலதான் ஸ்மோக்குக்கு எல்லாரும் 'இந்தப் புள்ளியில நின்னு அந்த ஜன்னல் மூலையைப் பார்த்து எறி'ன்னு லைனப் மனப்பாடம் பண்றாங்க. எங்க போய் நிக்குது என்பது மட்டும்தான் அங்க விஷயம். ஹெச்.இ-க்கும் ஃப்ளாஷுக்கும் அது போதாது. 1.6-ஆவது வினாடியில அது எங்க இருக்கு என்பதுதான் கேள்வி.

இங்க இன்னொரு விஷயம் இருக்கு. கால் ஆஃப் டியூட்டியில ஃப்ராக் கிரனேடைக் கையில வெச்சுக்கிட்டே கொஞ்ச நேரத்தைக் கழிக்கலாம். 'குக்' பண்றதுன்னு சொல்வாங்க. பி.ஜி.எம்.ஐ-லயும் பின்னை இழுத்துட்டுக் காத்திருக்கலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக்ல அது முடியாது. பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிச்சாலும் கடிகாரம் ஓடாது, விட்ட பிறகுதான் ஓடும். அப்போ நேரத்தை எங்க செலவழிக்கிறது? ரெண்டே இடம்தான். ஒண்ணு காத்துல, இன்னொண்ணு பவுன்ஸ்ல.

ஒரே கிரனேட், ரெண்டு கோணம்

இப்போ கணக்குக்கு வருவோம். கேம்ல தூரத்தை யூனிட்ல அளப்பாங்க, ஒரு யூனிட்டைக் கிட்டத்தட்ட ஒரு இன்ச்னு வெச்சுக்கலாம். நின்ன இடத்துல இருந்து லெஃப்ட் கிளிக்ல முழு வேகத்துல எறிஞ்சா வினாடிக்குச் சுமார் 675 யூனிட் வேகம். கிரனேட் மேல வேலை செய்யற ஈர்ப்பு, பிளேயர் மேல இருக்கறதுல 40 சதவீதம்தான், அதாவது 320. அதனாலதான் அது கல் மாதிரி விழாம மிதந்து போற மாதிரி தெரியும்.

கிராஸ்ஹேரைச் சரியா கிடைமட்டமா வெச்சு எறியறோம்னு வைங்க. கேம் தானாவே அதை ஒரு 10 டிகிரி மேல தூக்கி விடும். கண் உயரம் 64 யூனிட்ல கிளம்பி, சுமார் 1.1 வினாடியில, 730 யூனிட் தள்ளி தரையைத் தொடும். மீட்டர்ல 18-க்குக் கொஞ்சம் மேல. இன்னும் அரை வினாடி பாக்கி இருக்கு. ஒரு தடவை குதிச்சு 150 யூனிட்போல முன்னாடி போய், மொத்தம் 880 யூனிட் தூரத்துல, தரைக்கு ஒட்டினாப்புல வெடிக்கும்.

இப்போ அதே கிரனேடை 45 டிகிரி மேல பார்த்து எறியுங்க. கேம் அதை 50 டிகிரி ஆக்கும். மேல ஏறும் வேகம் 517. 517-ஐ 320-ஆல வகுத்துப் பாருங்க, சுமார் 1.6 வருது! அதாவது வளைவோட உச்சியைத் தொடற நொடியும் வெடிக்கிற நொடியும் ஒண்ணு. தரையில இருந்து 480 யூனிட் உயரத்துல, சுமார் 12 மீட்டர் மேல வெடிக்குது. ஹெச்.இ-யோட பாதிப்பு எட்டுற தூரமே சுமார் 350 யூனிட்தான். கீழே நிக்கிறவனுக்கு ஒண்ணுமே ஆகாது, 300 டாலர் வேஸ்ட். கேள்வி கேட்டவருக்கு நடந்தது இதுதான்.

ஆனா அதே இடத்துல ஃப்ளாஷ் வெடிச்சா? ஃப்ளாஷுக்குப் பக்கத்துல இருக்கணும்னு அவசியம் இல்ல, கண்ணுல பட்டா போதும். கூரைக்கு மேல திடீர்னு தோணி வெடிக்கிற ஃப்ளாஷ் எல்லாம் இந்த உச்சிக் கணக்குதான். ஹெச்.இ-க்குத் தப்பான கோணம், ஃப்ளாஷுக்குச் சரியான கோணம்.

பவுன்ஸ் பந்து மாதிரி இல்ல

கிரிக்கெட் பந்து தரையில பட்டா உயரம் குறையும், ஆனா முன்னோக்கிப் போற வேகம் பெரிசா குறையாது. நம்ம மூளை அதையேதான் இங்கயும் எதிர்பார்க்கும். கேம்ல அப்படி இல்ல. எதுல பட்டாலும் திசை திரும்பினதுக்கு அப்புறம் மொத்த வேகமும் 45 சதவீதமா குறையும். தரையோ சுவரோ, ஒரே கணக்கு. 665-ல முன்னாடி போயிட்டிருந்தது ஒரு அடி வாங்கினா 300. இன்னொரு அடி வாங்கினா 135.

அதனால பவுன்ஸை ஒரு பிரேக் மாதிரி பாருங்க. குக் பண்ண முடியாத கேம்ல, நேரத்தைக் கழிச்சுட்டு தூரத்தைக் கூட்டாம இருக்க அதுதான் வழி.

இதை ஒரு மூலையில வெச்சுப் பார்க்கலாம். நீங்க சுவருக்குப் பின்னாடி இருக்கீங்க, மூலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் உங்களுக்காகவே குறி வெச்சுக் காத்திருக்கான். ஃப்ளாஷை முழு வேகத்துல வெளிய எறிஞ்சா ஒரு வினாடிக்கு மேல அவன் கண்ணு முன்னாடி பறக்கும். முகத்தைத் திருப்ப அவனுக்குக் கால் வினாடி, மூணுல ஒரு பங்கு வினாடி போதும். அப்போ ஃப்ளாஷ் வெளிய தெரியற நேரம் அதைவிடக் குறைவா இருக்கணும்.

ரைட் கிளிக் எறிதல் முழு வேகத்துல 30 சதவீதம்தான், வினாடிக்கு சுமார் 200 யூனிட். கிடைமட்டமா எறிஞ்சா 0.7 வினாடியில, 140 யூனிட் தள்ளி தரையில படும். அடுத்த அரை வினாடியில இன்னும் 47 யூனிட்தான் போகும். அதுக்கப்புறம் நகர்றதே மெதுவா, கடைசி 0.4 வினாடியில வெறும் 16 யூனிட். ஆக, மூலை விளிம்புல இருந்து 190 யூனிட், அதாவது 5 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா பின்னாடி நின்னு எறிஞ்சா, 1.3-ஆவது வினாடிக்கு அப்புறம்தான் அது வெளிய எட்டிப் பார்க்கும். அவன் 'என்னது அது'ன்னு பார்க்கறதுக்குள்ள வெடிச்சுடும்.

இது சரியா வந்துச்சான்னு எப்படித் தெரியும்? எதிரி முழுக் குருடானா உங்களைப் பார்த்துச் சுட மாட்டான், கண்மூடித்தனமா ஸ்ப்ரே பண்ணுவான். குறி வெச்ச மாதிரியே சுட்டான்னா ஃப்ளாஷ் சீக்கிரம் வெளிய வந்துடுச்சு, அவன் திரும்பிட்டான். அடுத்த தடவை ஒரு அடி பின்னாடி தள்ளி நில்லுங்க. வெளிய வராம மூலைக்கு உள்ளயே வெடிச்சு நீங்களும் டீமும் குருடானா, முன்னாடி வாங்க.

அப்போ எப்போ எறியறது?

ஹெச்.இ-யை 'அங்க யாராவது இருக்கலாம்'னு எறியாதீங்க. கவசம் போட்ட ஒருத்தனுக்கு அது அதிகபட்சம் 57 புள்ளிதான் எடுக்கும், கவசம் இல்லாட்டி 98. முழு ஆரோக்கியத்துல இருக்கிறவனை ஒரு ஹெச்.இ கொல்லாது. ரெண்டு பேர் பேசி வெச்சு ஒரே இடத்துல போட்டா, ரெண்டும் பக்கத்துல வெடிக்கிற பட்சத்துல, கொல்லும். இல்லைன்னா ஏற்கனவே அடிபட்டவன் ஒளிஞ்சிருக்கிற இடம் தெரியும்போது போடுங்க. தரையில 'டிங்'னு சத்தம் கேட்டதுக்கு அப்புறம் அவன் ஓட அரை வினாடி இருக்கும். அதுல பாதி சத்தத்தை உணர்றதுலயே போயிடும். மிச்ச நேரத்துல ரைஃபிளோட ஓடினா 50 யூனிட்போலதான் தாண்டுவான். பாதிப்பு குறையும், ஆனா தப்பிக்க முடியாது. அப்போ ஹெச்.இ-க்கு ரொம்ப துல்லியம் வேண்டாம், சரியான அறை போதும்.

ஃப்ளாஷுக்குத் துல்லியம் வேணும், அதுவும் இடத்துல இல்ல, நேரத்துல. கூட வர்ற ஆளுக்கு 'ஃப்ளாஷ்'னு சொல்ல வேண்டிய நேரம் கையை விடும்போது. வெடிக்கும்போது சொன்னா அவனும் சேர்ந்து குருடாவான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு எல்லாம் நின்னுட்டு எறியறதுக்கு. ஓடிக்கிட்டே எறிஞ்சா உங்க வேகமும் கிரனேடோட சேரும், குதிச்சு எறிஞ்சா அதுவும் சேரும். நேரம் அதே 1.6-தான், தூரம் மட்டும் மாறும். நின்ன இடத்துல பழகின எறிதலை மேட்ச் பரபரப்புல ஓடிக்கிட்டே எறிஞ்சுட்டு 'கேம் மாறிடுச்சு'ன்னு சொல்றவங்க நிறைய.

சோதிச்சுப் பார்க்க, ஆஃப்லைன்ல ஒரு மேப்பைத் திறந்து கன்சோல்ல இதைப் போடுங்க:

```
sv_cheats 1
sv_infinite_ammo 1
sv_grenade_trajectory_prac_pipreview 1
```

எறியறதுக்கு முன்னாடியே கிரனேட் எங்க போகும்னு சின்னப் படமா காட்டும். அதே எறிதலைத் திரும்பப் பார்க்கணும்னா `sv_rethrow_last_grenade`. முதல்ல மேல சொன்ன ரெண்டு கோணத்தையும் எறிஞ்சு பாருங்க. அப்புறம் உங்களுக்குப் பிடிச்ச மேப்ல ஒரே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் ஃப்ளாஷுக்கு எங்க நிக்கணும்னு கண்டுபிடிங்க. அந்த இடம் கிடைச்சதும் மேப் பேரோட எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ஒண்ணு ரெண்டை எறிஞ்சே பார்த்துடலாம்.