பத்துப் படியா, ஐம்பது படியா?

சண்டைக் காட்சியில் டூப் போட்டவரின் முகத்தை எடுத்துவிட்டு, நாயகனின் முகத்தைப் பொருத்த வேண்டும். டிஃப்யூஷன் முறையில் கணினி முதலில் டூப்பின் முகப்பகுதியை வெறும் இரைச்சல் புள்ளிகளாகக் கலைத்துவிடுகிறது. பிறகு நாயகனின் படத்திலிருந்து எடுத்த அடையாளக் குறிப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கிப் புது முகத்தை வரவழைக்கிறது. எத்தனை படிகள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கு எளிது. ஒரு படிக்கு 0.05 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வினாடிக் காட்சியில் 240 பிரேம்கள். ஐம்பது படி என்றால் பத்து நிமிடம். பத்துப் படி என்றால் இரண்டே நிமிடம். 2020-இல் வந்த டிடிபிஎம் ஆய்வில் ஆயிரம் படிகள் தேவைப்பட்டன. அந்தக் கணக்கில் இதே காட்சிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அப்படியானால் பத்தோடு நிறுத்தினால் என்ன? தொடக்கப் படிகளில் தலையின் சாய்வு, ஒளி, முகத்தின் வெளிக்கோடு ஆகியவை முடிவாகின்றன. கண்களின் இடைவெளி, மூக்கின் வடிவம் போன்றவை அடுத்துத் துலங்குகின்றன. தோலின் துளைகள், இமைமயிர், ஒருநாள் தாடி எல்லாம் கடைசியில்தான். இரைச்சல் மிகுந்திருக்கும்போது கணினிக்கு இறுதி முகம் தெரியாது. வரக்கூடிய பல முகங்களின் சராசரியைத்தான் ஊகிக்கும். படிகள் நிறைய இருந்தால் அந்த ஊகத்தைத் திருத்திக்கொண்டே வரலாம். குறைவாக இருந்தால் சராசரியின் சாயல் அப்படியே தங்கிவிடும். நாயகனின் புருவத்தில் இருக்கும் சிறு தழும்பு காணாமல் போகும், தோல் மெழுகு பூசியதுபோல் வழவழக்கும். பார்த்தால் நாயகனின் தம்பி ஜாடை இருக்கும், நாயகன் இருக்க மாட்டார்.

அடையாளத்தை அளக்க ஆர்க்ஃபேஸ் போன்ற கருவிகள் உண்டு. இரண்டு முகங்களை எண்வரிசைகளாக்கி ஒப்பிட்டு மதிப்பெண் தரும். அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். ஆர்க்ஃபேஸ் முகத்தை 112 பிக்சல் சதுரமாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. தோல் மெழுகாக இருந்தாலும் மதிப்பெண் நன்றாகவே வரலாம்.

கண்ணால் பார்க்கும் சோதனை இதைவிட உதவும். சீட் எண்ணை மாற்றாமல் ஒரே பிரேமை 10, 20, 40 படிகளில் ஓட்டிப் பாருங்கள். இருபதுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் இருபதே போதும். டிடிஐஎம் போல ஒவ்வொரு படியிலும் புது இரைச்சல் சேர்க்காத முறைகளில், ஓர் எல்லைக்குப் பிறகு படம் அசையவே அசையாது.

நாற்பதிலும் முகம் தெளியாவிட்டால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தைப் பக்கத்துக்கு எட்டு மடங்கு சுருக்கிய பிறகே வேலை செய்கின்றன. தூரக் காட்சியில் 64 பிக்சல் அகல முகம் உள்ளே எட்டுக்கு எட்டுக் கட்டமாகிவிடும். நூறு படி ஓட்டினாலும் அதில் இமைமயிர் முளைக்காது. முகத்தை மட்டும் வெட்டி, 512 பிக்சலுக்குப் பெரிதாக்கி, அங்கே மாற்றிவிட்டு, பிறகு பிரேமில் ஒட்ட வேண்டும்.