இல்லாத தீர்ப்புகள்

நீதிமன்றத்தில் வாதிடும் வழக்குரைஞர், அதே சிக்கலில் முன்னர் வழங்கப்பட்ட தீர்ப்புகளைச் சான்றாகக் காட்டுவது மரபு. இவை முன்தீர்ப்புகள் எனப்படும். வழக்கின் பெயர், தொகுதி எண், பக்க எண், நீதிமன்றம், ஆண்டு ஆகியன தரப்படுவதால், எவரும் மூலத்தை எடுத்துச் சரிபார்க்க இயலும். அத்தகைய மூலமே இல்லாதபோது நேர்வது என்ன என்பதை 2023ஆம் ஆண்டு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிகழ்ந்த வழக்கு காட்டுகிறது.

ஏவியாங்கா விமானத்தில் உணவு வண்டி மோதி முழங்காலில் காயமுற்றதாகப் பயணி ஒருவர் இழப்பீடு கோரினார். பன்னாட்டு விமானப் பயணத்திற்குரிய மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஈராண்டிற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அக்காலவரம்பு கடந்துவிட்டது என்றது நிறுவனம். நிறுவனத்தின் நொடிப்பு நடவடிக்கையால் காலவரம்பு நின்றுபோனது எனப் பயணியின் தரப்பு மறுத்தது. அதற்குச் சான்றாகக் காட்டிய தீர்ப்புகளுள் ஆறு, சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி புனைந்தவை. மனுவை எழுதியவர் ஒருவர்; தீர்ப்புகளைப் படிக்காமலே கையொப்பமிட்டவர் மற்றொருவர்.

அச்செயலி அப்போது சட்டத் தொகுதிகளைப் புரட்டித் தேடவில்லை. எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்து எழுதியது. ஆகவே வடிவம் பொருந்தும். உண்மை பொருந்த வேண்டும் என்பதில்லை. புனைந்த தீர்ப்புகளுள் ஒன்றான 'வர்கீஸ்' வழக்கிற்குத் தரப்பட்ட தொகுதியையும் பக்கத்தையும் புரட்டினால், அங்கே வேறொரு நீதிமன்றத்தின் வேறொரு தீர்ப்பு இருந்தது. அவ்வழக்கின் கதையும் முரண்பட்டது: உயிரிழந்த ஒருவருக்காகத் தொடுத்த வழக்காகத் தொடங்கி, விமானத்தைத் தவறவிட்ட ஒருவரின் வழக்காக மாறியது. அது உண்மையான வழக்கா என்று வழக்குரைஞர் அச்செயலியையே வினவினார். 'ஆம்' என்றே விடை வந்தது. ஐயத்திற்குரிய சாட்சியே தனக்குத்தானே சான்று பகர்ந்ததுபோல் ஆயிற்று.

அத்தீர்ப்புகளைக் காண இயலவில்லை என எதிர்த்தரப்பு மார்ச்சு மாதத்திலேயே சுட்டிக்காட்டியது. நீதிமன்றம் படிகளைக் கேட்டபோதும் வழக்குரைஞர்கள் உண்மையைக் கூறாமல், செயலி எழுதித் தந்த பகுதிகளையே ஏப்ரலில் அளித்தனர்.

ஜூன் 22 அன்று நீதிபதி கெவின் காசுடல் ஆணை பிறப்பித்தார். இரு வழக்குரைஞர்களுக்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் கூட்டாக 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தம் கட்சிக்காரருக்கும், பொய்த் தீர்ப்புகளை எழுதியோராகக் காட்டப்பட்ட நீதிபதிகளுக்கும் அவர்கள் மடல்வழி அறிவிக்க வேண்டியதாயிற்று. அன்றே, காலவரம்பு கடந்தது என்னும் காரணத்தால் பயணியின் வழக்கும் தள்ளுபடியானது.

நம்பத்தகுந்த கருவியின் துணையை நாடுவதில் தவறில்லை என்றே நீதிபதி குறிப்பிட்டார். ஆயினும் மனுவில் இடப்படும் கையொப்பம், உரிய ஆய்வுக்குப் பின்னரே அது அளிக்கப்படுகிறது என்னும் உறுதிமொழியாகும். அவ்வாய்வைச் செய்யாமல் விட்டதும், ஐயம் எழுந்தபின்னும் பொய்யைப் பற்றி நின்றதுமே தண்டனைக்குக் காரணமாயின.