வினாகிரியில் எத்தனை மூலக்கூறுகள் பிரிந்தன?

வினாகிரிக்குப் புளிப்பைத் தருவது அசற்றிக்கமிலம். அது ஒரு மென்னமிலம். நீரில் கரைந்தாலும் அதன் மூலக்கூறுகளில் சிலவே அயன்களாகப் பிரியும். அந்தச் சிலவற்றை மின்கடத்தலைக் கொண்டு எப்படிக் கணக்கிடுவது என்பதை இங்கு விளக்குகிறேன்.

கரைசலில் மின்னைக் கொண்டுசெல்பவை அயன்கள் மட்டுமே. கரைசலின் கடத்துதிறனை அமிலத்தின் செறிவால் வகுத்தால், ஒரு மூல் அமிலத்துக்குரிய மூலர்க் கடத்துதிறன் Λ கிடைக்கும். மூலக்கூறுகள் அனைத்தும் பிரிந்திருந்தால் வரக்கூடிய எல்லைப் பெறுமானம் Λ₀. ஆகவே, அயனாக்க அளவு α = Λ/Λ₀.

சிக்கல் Λ₀ இல்தான் இருக்கிறது. உப்புக்கு, செறிவின் வர்க்கமூலத்துக்கு எதிராக Λ ஐ வரைந்தால், ஐதான கரைசல்களில் ஏறக்குறைய நேர்கோடு வரும். அதைப் பூச்சியச் செறிவுவரை நீட்டி Λ₀ ஐ வாசிக்கலாம். மென்னமிலத்தின் வரைபோ கடைசியில் செங்குத்தாக ஏறும்; அதை நீட்ட முடியாது.

இதற்கு வழி காட்டியவர் கோல்ராச். மிக ஐதான கரைசலில் ஒவ்வோர் அயனும் தன் பங்கைத் தனித்தே தருகிறது. எனவே ஐதரோகுளோரிக்கமிலத்தின் Λ₀ உடன் சோடியம் அசற்றேற்றினதைக் கூட்டி, சோடியம் குளோரைட்டினதைக் கழித்தால், எஞ்சுவது அசற்றிக்கமிலத்தினது. 25 °C இல்:

426.2 + 91.0 − 126.5 = 390.7 S cm² mol⁻¹

1932 இல் மக்கின்னசும் செட்லொவ்ஸ்கியும் வெளியிட்ட அளவீடுகளில், 0.009842 mol dm⁻³ அமிலத்தின் Λ 16.37 ஆகும்.

α = 16.37/390.7 = 0.0419

அதாவது நூற்றில் நான்கு மூலக்கூறுகளே பிரிந்துள்ளன. இனிக் கூட்டற்பிரிகை மாறிலி:

K = cα²/(1 − α) = 1.80 × 10⁻⁵ mol dm⁻³

இது சரிதானா என்று பார்க்க இன்னோர் ஐதாக்கல் வேண்டும். 0.001028 mol dm⁻³ இல் Λ 48.15, α 0.123 ஆக உயர்கிறது. K யோ 1.78 × 10⁻⁵ தான். α மாறியும் K ஏறக்குறைய மாறாதிருப்பதே சான்று. எஞ்சிய சிறு வேறுபாடு அயன்களுக்கிடையிலான கவர்ச்சியால் வருவது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இதைச் செய்பவர் முதலில் நீரைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன முதலாவது கரைசலின் கடத்துதிறன் 161 µS cm⁻¹ மட்டுமே. கடல்நீரினதோ ஏறத்தாழ 50,000. முந்நூறு பங்கு நீரில் ஒரு பங்கு கடல்நீர் கலந்திருந்தாலே வாசிப்பு இரட்டிப்பாகும். K நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிடும். நாவுக்கு உப்பே தெரியாத கிணற்றுநீரும் இப்படி ஏமாற்றலாம். ஐதாக்க ஐதாக்க K கூடிக்கொண்டே போனால், அமிலத்தை அல்ல, நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது காய்ச்சிவடித்த நீரில் புதிய கரைசல் தயாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.